பந்தியில் பக்கத்து இலை

சம்பளம், கல்யாணம், உடம்பு என்று துருவிக் கேட்கும் சொந்தக்காரர்களுக்கு, எப்போது கேட்க வேண்டும் என்று நன்றாகவே தெரியும். வாசலில் கேட்டால் "இதோ வந்துடுறேன்" என்று நழுவிவிடலாம். போட்டோ எடுக்கும் இடத்தில் கேட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம். அதனால் பந்தியில் கேட்கிறார்கள். இலையில் சோறு விழுந்து, குழம்பு ஊற்றி, நாம் பிசையத் தொடங்கிய பிறகு கேட்கிறார்கள். வலது கை முழுக்கச் சோறு. போன் வந்தது போல நடிக்கவும் வழியில்லை. வரிசையில் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்தால் அது மரியாதைக் குறைவு. ஆக, ரசம் வந்து, மோர் வந்து, கடைசி ஆள் இலையை மடிக்கும் வரை நாம் அங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. கிடா வெட்டு, கறிச் சாப்பாடு. நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான், "வெயில்ல அலையாத, மூணாவது பந்தியில உக்காந்து சாப்பிட்டுரு" என்றாள். உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, எனக்கு அத்தை முறை, ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

எலும்புக் குழம்பு ஊற்றியதும் முதல் கேள்வி. "என்ன தாயி, இப்ப கைக்கு எவ்வளவு வருது?"

"போதுமான அளவு வருது அத்தை."

"போதுமான அளவுன்னா? அம்பதா?"

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அறுபதா? எழுபதா? சும்மா சொல்லு, நான் என்ன பங்கு கேக்கவா போறேன்?" ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் ஒரு வாய்ச் சோறு. ஒவ்வொரு எண்ணைச் சொல்லும்போதும் என் முகத்தை உற்றுப் பார்க்கிறார். இதில் மாட்டிக்கொள்ளாதவர் யார் இருக்கிறார்கள்? "அம்பதா" என்றதற்கு "இல்லை" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. அடுத்து அறுபதுக்கு நாம் சும்மா இருந்தால் அறுபது என்று எழுதிக்கொள்வார்கள். ஒரு எண்ணுக்குக்கூட வாயைத் திறக்கக் கூடாது, தலையையும் ஆட்டக் கூடாது. மூன்று வருடம் முன்பு அது எனக்குத் தெரியாது.

அப்போது ஒரு கல்யாணத்தில் இதே அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். வருடத்துக்கு 9 லட்சம் என்று. வேலைக் கடிதத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அத்தை அங்கேயே பன்னிரண்டால் வகுத்து, மாதம் 75,000 என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அந்த 9 லட்சத்தில் 90,000 வருடக் கடைசியில் கம்பெனி மனசு வைத்தால் வரும் தொகை. கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப். அதற்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவதும் அடக்கம். அது ஐந்து வருடம் அங்கே இருந்தால்தான் வரும். மிச்சத்திலிருந்து என் பங்கு பி.எஃப்., தொழில் வரி, வருமான வரி எல்லாம் போய் வங்கிக் கணக்கில் விழுந்தது 56,000-க்கும் கொஞ்சம் குறைவு. அதில் சென்னை வாடகையும், அப்பாவுக்கு மருந்தும். ஆனால் ஊரில் எல்லோருக்கும் நான் எழுபத்தைந்தாயிரக்காரி.

பத்தே நாளில் ஒரு மாமா, தன் மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட 2 லட்சம் கேட்டு வீட்டுக்கு வந்தார். பணம் இல்லை என்றார் அப்பா. "மாசம் எழுபத்தஞ்சு வாங்குறவ வீட்டுல ரெண்டு லட்சம் இல்லையாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் இன்றுவரை அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாற்பது வருடப் பழக்கம். நான் சொன்ன ஒரு எண்ணால் போனது. "சும்மா சொல்லு, என்ன ஆகப்போகுது" என்கிறவர்களே, இதுதான் ஆகும்.

சரி, இந்த முறை வாயைத் திறக்கவில்லை. அத்தை தொண்ணூறு வரை ஏறிப் பார்த்துவிட்டு விட்டார். விட்டார் என்று நினைத்தேன்.

ரசம் வந்தது. ஊற்றிக்கொண்டு வந்தது என் அம்மா. வாளி என் இலைக்கு நேராக வந்து நின்ற நேரம் பார்த்து அத்தை குரலை உயர்த்தினார். "எல்லார் வீட்டுலயும் சாப்பிட்டாச்சு. நீ எப்பத்தா எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு போடப் போற?"

கேள்வி எனக்கு, குறி அம்மாவுக்கு. இது எனக்குப் புரியவே பல வருடம் ஆயிற்று. தனியாக இருக்கும்போது அந்த அத்தை என்னிடம் கல்யாணப் பேச்சே எடுத்ததில்லை. அம்மா காதில் விழும் தூரத்தில் இருக்க வேண்டும், சுற்றிலும் பத்துப் பேர் இருக்க வேண்டும். அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ரசம் சொட்டுச் சொட்டாக என் இலை ஓரத்தில் விழுந்து, சோறு இல்லாத பக்கமாக ஓடித் தரையில் வழிந்தது. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. "நேரம் வரணும்ல மதினி" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். எனக்குச் செவ்வாய் தோஷம் என்று சொல்லித் திரும்பிப் போன ஜாதகங்களை எண்ணி வைத்திருப்பவள் அவள். அவளிடமா கேட்பது? அதுவும் விருந்து பரிமாறிக்கொண்டிருப்பவளிடம்?

இதற்கு என்ன பதில் சொன்னாலும் வம்புதான். "பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்று ஒரு முறை சொன்னேன். அந்த வாரமே வாட்ஸ்அப்பில் மூன்று ஜாதகம் வந்தது. ஒருவருக்கு வயது 43. "நீங்களே ஒரு நல்ல மாப்பிள்ளையா பாருங்க" என்று இன்னொரு முறை சிரித்துச் சொன்னேன். அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு யாரோ ஒரு தரகருக்கு என் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது அவர் கூப்பிட்டு என் நிறம் என்ன என்று கேட்டார். "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொன்னால் ஏன் என்பார்கள். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தைத் தீர்த்து வைக்கக் கிளம்பிவிடுவார்கள். திருப்பி அவர்கள் வீட்டுக் கதையைக் கேட்டால் அடங்குவார்கள் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. மகன் சம்பளம், மருமகள் போட்டு வந்த நகை, பேரன் மார்க் என்று சந்தோஷமாக அரை மணி நேரம் சொல்லிவிட்டு, "நான் சொல்லிட்டேன், இப்ப நீ சொல்லு" என்பார்கள்.

மோர் வந்தது. இனி முடிந்தது, இலையை மடித்துவிடலாம் என்று இருந்தேன். அத்தை என் கையைப் பிடித்து, மேல் கையை, ரவிக்கைக்குக் கீழே இருக்கும் சதையை, இரண்டு விரலால் கிள்ளி இழுத்துப் பார்த்தார். சந்தையில் ஆடு வாங்குகிறவர்கள் அப்படித்தான் பிடித்துப் பார்ப்பார்கள். "என்ன இப்படி ஊதிட்ட? காலையில காப்பி வேணாம்னியே, டயட்டுன்னுல்ல நெனச்சேன்."

காலையில் காபி வேண்டாம் என்றது உண்மை. எனக்குத் தைராய்டு குறைபாடு. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபியோ டீயோ குடிக்கக் கூடாது. குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கண்டுபிடிப்பதற்கு முன்பு பத்து மாதத்தில் ஆறு கிலோ ஏறியது. அது முழுக்கத் தைராய்டால் வந்தது இல்லை, மாத்திரை போட்டதும் எல்லாம் இறங்கிவிடாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நடக்கிறேன், சோற்றைக் குறைத்திருக்கிறேன், இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. அந்த இரண்டு கிலோவுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதையெல்லாம் பந்தியில் சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த நிமிடம், "தைராய்டா? அப்ப பிள்ளை பெறுறதுக்குச் சிக்கலாச்சே" என்று அது வேறு ஊருக்குள் கிளம்பும்.

நான் பேசாமல் இருக்க, "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. கொள்ளுத் தண்ணி குடி" என்றார். சொன்ன வாயோடு, கறி வாளியோடு போன பையனைக் கூப்பிட்டு, "இவளுக்கு இன்னும் ரெண்டு துண்டு வை. வேணாம்பா, நீ வை" என்றார். கையை இலை மேல் குறுக்கே வைத்தேன். என் விரல் மேலேயே சூடான சுக்கா விழுந்தது.

அப்போதுதான் சொன்னேன். "அத்தை, என் சம்பளம், கல்யாணம், உடம்பு, இந்த மூணைப் பத்தியும் நான் யார்கிட்டயும் பேசுறதில்ல." கத்தவில்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னேன். "நான் என்ன கேட்டுட்டேன் இப்ப?" என்றார். அதே வார்த்தைகளை, அதே குரலில், மறுபடி சொன்னேன். காரணம் எதுவும் சேர்க்கவில்லை. மூன்றாவது முறை சொன்னதும் எதிர் வரிசையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. அத்தை இலையை மடித்தார். வெளிப்பக்கமாக மடித்தார், சாவு வீட்டில்தான் எங்கள் பக்கம் அப்படி மடிப்பார்கள். மடித்துவிட்டு, "அக்கறையில கேட்டா இதான் மரியாதை" என்று எழுந்து போனார்.

அக்கறை! இந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். நானும் அம்மாவும் வராண்டாவில் பாய் விரித்துப் படுத்தோம். அந்த ஒன்பது நாளில் இந்த அக்கறையிலிருந்து ஒரு போன் வரவில்லை. போன வருடம் ஆள் குறைப்பில் எனக்கு வேலை போய் நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். "கையில காசு இருக்கா?" என்று ஒருத்தர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அதைக் கேட்டிருந்தால் ரூபாய் கணக்கு முழுவதையும் நானே உட்கார்ந்து சொல்லியிருப்பேன்.

இத்தோடு முடியவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது கோயில் வாசலில் என் செருப்பைக் காணோம். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1,400 ரூபாய். அந்த இடத்தில் வார் அறுந்த ஒரு பழைய ஜோடி கிடக்கிறது. ஒவ்வொருவராகக் கேட்டேன். என் எடை கூடினது தெரிகிறது, காபி குடிக்காதது தெரிகிறது. என் செருப்பை யார் மாட்டிக்கொண்டு போனார்கள் என்று மட்டும் அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வேன் நிற்கும் இடம் வரை கருவேல முள்ளில் வெறுங்காலோடு நடந்தேன். உட்கார்ந்ததும் அம்மா என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி முள்ளைத் தோண்டினாள். அத்தையிடம் ஏன் அப்படிப் பேசினாய் என்று திட்டுவாள் என்று காத்திருந்தேன். மூன்று முள் எடுத்தாள். "இன்னொண்ணு ஆழமா இருக்கு, ஆட்டாத" என்றாள்.