வள்ளுவர் சிலையிலிருந்து இலங்கை தெரியுமா?

“கன்னியாகுமரி வள்ளுவர் சிலை உச்சிக்குப் போனால் இலங்கைக் கரை தெரியுமாம், உண்மையா?”

தெரியாது. பூமி வளைந்திருப்பதால் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. கண் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். மணலில் நிற்பவருக்கு சுமார் 4.5 கி.மீ.

சிலை பீடத்தோடு 133 அடி. பாறையையும் சேர்த்துத் தாராளமாக 50 மீட்டர் என்றே வைப்போம், 25 கி.மீ.தான் வருகிறது. காற்றில் ஒளி வளைவதால் இரண்டு கி.மீ. கூடலாம். இலங்கைக் கரையோ 200 கி.மீ.க்கும் அப்பால்! உயரம் நான்கு மடங்கானால்தான் தூரம் இரண்டு மடங்காகும். எனவே 200 கி.மீ. தள்ளியுள்ள கடல்பரப்பைப் பார்க்கவே ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரம் வேண்டும்.

மலையென்றால் தூரத்திலிருந்தே தெரியுமே என்பீர்கள். இலங்கையின் 2,243 மீட்டர் சிவனொளிபாத மலை உச்சிக்குத் தொடுவானம் 169 கி.மீ., சிலைக்கு 25, கூட்டினால் 194; இதற்குள் இருந்தால்தான் சிலையிலிருந்து அந்த உச்சி தெரியும். அந்த மலை இருப்பதோ 300 கி.மீ.க்கு மேல். அடிவானத்தில் கரைபோலத் தெரிவது பெரும்பாலும் மேகத்திட்டு. சற்று நேரம் கவனியுங்கள், உருமாறும்.