கொட்டேசனுக்கு முன்னால் போகும் பத்து வரி

"இத்துடன் எமது விலை விபரம் இணைக்கப்பட்டுள்ளது. மேலதிக விளக்கங்களுக்குத் தொடர்புகொள்ளவும்."

ஆறு வருசமா இந்த இரண்டு வரியைத்தான் எல்லோருக்கும் அனுப்பினேன். ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து கொட்டேசன் போடுவேன். அதைச் சுமந்து போகிற ஈமெயிலை மட்டும் பழசிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவேன். கேட்கிறவன் பெயரை மாற்ற மறந்த நாளும் உண்டு, அதை விடுங்கள்.

என் தொழில் சோலார் சுடுதண்ணீர் டேங்க் பொருத்துவது. ஹட்டனில் இருந்துகொண்டு தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை வரைக்கும் போவேன். போன வருசம் நுவரெலியாவில் ஆறு அறை உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு 300 லீட்டர் டேங்க் போட விலை கொடுத்தேன். இன்னொருவர் என்னைவிட 85,000 ரூபா குறைவாகக் கொடுத்து வேலையை எடுத்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அவருடையது 200 லீட்டர். அந்த வித்தியாசம் என் கொட்டேசனில் நாலாவது வரியில் இருந்தது. உரிமையாளர் இருப்பது கொழும்பில். போனில் பீடிஎஃபைத் திறந்து, கடைசித் தொகையை மட்டும் பார்த்திருக்கிறார். அவர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? 300 லீட்டர் என்றால் எத்தனை பேர் குளிக்கலாம் என்று நான் எங்கேயுமே சொல்லவில்லையே.

அந்தக் கணக்கை இங்கே போடுகிறேன். எங்கள் தொழிலில் பலரே இதைக் கொழும்புக் கணக்காகத்தான் போடுகிறார்கள்.

ஷவரில் நிமிடத்துக்கு 8 லீட்டர் போகிறது என்று வைத்தால், ஐந்து நிமிடக் குளியலுக்கு 40 லீட்டர். உடம்புக்கு இதமான சூடு 40 பாகை. டேங்கில் 55 பாகையில் சுடுதண்ணீர் இருக்கும், அதோடு பச்சைத்தண்ணீரைக் கலந்துதான் குளிக்கிறோம். கொழும்பில் அந்தப் பச்சைத்தண்ணீர் 28 பாகை. ஆகவே கொஞ்சம் சுடுதண்ணீருக்கு நிறையக் கலக்கலாம், 200 லீட்டர் டேங்கே 450 லீட்டர் குளியல் தண்ணீராகிவிடும். பதினொரு பேருக்குக் காணும். நுவரெலியாவில் சனவரி விடியற்காலையில் குழாயடியில் நானே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 15 பாகை. அந்தத் தண்ணீரைக் கலந்தால் அதே 200 லீட்டர் 320 லீட்டர்தான் ஆகும். எட்டுப் பேர். 300 லீட்டர் போட்டால் 480 லீட்டர், பன்னிரண்டு பேர். ஆறு அறைக்கு ஆளிரண்டு என்றால் சரியாக அந்தப் பன்னிரண்டு.

ஆக அந்த 85,000 ரூபா என்பது கடைசியாகக் குளிக்கப் போகிற நாலு பேருடைய சுடுதண்ணீர். இதை ஈமெயிலிலேயே எழுதியிருந்தால் அவர் தெரிந்துகொண்டு முடிவெடுத்திருப்பார். 200 போதும் என்று சொல்லியிருந்தாலும் எனக்கு மனவருத்தம் இருந்திருக்காது.

போன மாதம் அதே அளவில், அதே குளிரில் இன்னொரு கெஸ்ட் ஹவுஸ் வந்தது. இதுவும் ஆறு அறைதான், உரிமையாளர் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். இந்த முறை ஒட்டாமல் எழுதினேன். தலைப்பிலேயே தொகையைப் போட்டேன்: "6 அறைக்குச் சுடுதண்ணீர், 300 லீட்டர், 420,000 ரூபா." தொகையை உள்ளே ஒளித்து வைத்தால் ஆள் நேரே அதைத் தேடித்தான் ஓடுவார், நடுவில் இருப்பதைப் படிக்க மாட்டார். உள்ளே எழுதியது இது:

"வணக்கம் ஐயா. செவ்வாய்க்கிழமை வீட்டைப் பார்த்துவிட்டுப் போட்ட விலை இது. பொருத்துக்கூலியும் சேர்த்து 420,000 ரூபா.

ஆறு அறையும் நிறைந்தால் 12 பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று கணக்குப் போட்டால் 300 லீட்டர் எல்லோருக்கும் காணும். ஆனால் தண்ணீர் இறங்க இறங்கக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வந்து கலக்கும், அதனால் அடுத்தடுத்துக் குளித்தால் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 லீட்டர் என்றால் 335,000 ரூபாவுக்கு முடியும், அது ஆறேழு பேருக்கு.

வெயிலே இல்லாத நாளில் டேங்கில் உள்ள 2 கிலோவாட் ஹீட்டரைப் போட வேண்டும். டேங்க் முழுதும் சூடாக ஏழு மணித்தியாலம், 14 யூனிட் போகும். அறைகளுக்குள் இருக்கும் பழைய பைப்பை மாற்றுவது இந்த விலையில் சேரவில்லை. விலை 14 நாளைக்கு நிற்கும்.

ஒன்று கேட்க வேண்டும். வருசத்தில் எத்தனை நாள் ஆறு அறையும் நிறையும்? 300 தேவையா, 200 போதுமா என்பது அதை வைத்துத்தான்."

அவ்வளவுதான். அனுபவம், தரம், நம்பிக்கை என்று ஒரு சொல் இல்லை. மின்சாரத்தில் இத்தனை ரூபா மிச்சம் என்றும் எழுதவில்லை. கட்டணம் அடிக்கடி மாறுகிற நாட்டில் அந்த ரூபாக் கணக்கு மூன்று மாதத்தில் பொய்யாகிவிடும். யூனிட்டைச் சொன்னால் அவரே தன் பில்லை வைத்துப் பெருக்கிக்கொள்வார். 14 நாள் என்பது 2022 எனக்குக் கற்றுக்கொடுத்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. அப்போது நாள் போடாமல் கொடுத்த ஒரு கொட்டேசனுக்காக நஷ்டத்தில் வேலை செய்தேன்.

எழுதி முடித்ததும் தங்கச்சியிடம் காட்டினேன். "குறையை எல்லாம் நீயே சொல்லிட்டா யாருண்ணே வாங்குவாங்க?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் பனி மூடிய ஜூலை மாதத்தில் அந்தக் குறையை வாடிக்கையாளரே கண்டுபிடித்தால், போன் வரப்போவது எனக்குத்தானே.

மறுநாளே பதில் வந்தது. "ஏப்ரல் சீசனிலும் டிசம்பரிலும்தான் தம்பி நிறையும். ஆனா எனக்குக் காசு வாறதே அந்த நாள்லதான். சரி, கடைசி அறையில பைப்பைத் திறந்தா சுடுதண்ணி வர எவ்வளவு நேரமாகும்?"

"மேலதிக விளக்கங்களுக்குத் தொடர்புகொள்ளவும்" என்று எழுதிய ஆறு வருசத்தில் "கடைசியா எவ்வளவு குறைப்பீங்க?" என்பதைத் தவிர யாரும் எதையும் கேட்டதில்லை. நான் ஒன்றைக் கேட்டதும் அவரும் ஒன்றைக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் டேங்க் வைக்க நினைத்தது கூரையின் ஒரு ஓரம். அங்கிருந்து கடைசி அறைக்கு 20 மீட்டர் பைப், அதற்குள்ளேயே ஆறு லீட்டருக்கு மேல் ஆறிப்போன தண்ணீர் நிற்கும். குளிர்ந்த பைப் இழுக்கிற சூட்டையும் சேர்த்தால், ஒரு நிமிடம் குளிரில் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டேங்கைக் கூரையின் நடுவுக்கு நகர்த்தினால் 11 மீட்டர்தான், நேரம் பாதியாகும். ஆனால் தண்ணீர் மட்டுமே 300 கிலோ. நடுவில் தகரத்துக்குக் கீழே அதைத் தாங்க இரும்பு ஸ்டாண்ட் வேண்டும், அதற்கு மேலதிகமாக 18,000 ரூபா.

இரண்டையும் எழுதி, 438,000 ரூபாவுக்குப் புதிய கொட்டேசன் அனுப்பினேன். ஒரே வேலைக்கு இரண்டாவது கொட்டேசனை விலை ஏற்றி அனுப்பியது எனக்கு இதுதான் முதல் தடவை. போய் ஒன்பது நாள் ஆகிறது. நேற்று அவர் கேட்டது, ஸ்டாண்டுக்குத் துருப்பிடிக்காத பெயின்ட் அடிப்பீங்களா என்று. அடிப்பேன், அது விலையிலேயே இருக்கிறது, எழுத மறந்துவிட்டேன்.