டெம்பிளேட் மாறியது, தலைப்பு நகரவில்லை

ராணிப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் தோல் ஏற்றுமதி அலுவலகத்தில், 40 ஸ்லைடுகள் கொண்ட பழைய PowerPoint பிரசன்டேஷனைப் புதிய டெம்பிளேட்டுக்கு மாற்றுவது ஐந்து நிமிட வேலை என்று நினைக்கிறார்கள். முன்பு அந்தப் பிரசன்டேஷனைத் தயாரித்த புண்ணியவான், லேஅவுட்டில் தலைப்புக்கென்று இருந்த பெட்டியை விட்டுவிட்டு, தனியாக ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்து எழுதியிருந்ததால், டெம்பிளேட் மாறியும் தலைப்புகள் பழைய இடத்திலேயே, புதிய லோகோவின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. Reset அழுத்தியும் அசையவில்லை. லேஅவுட்டின் பெட்டிகளில் உள்ள எழுத்தை மட்டும் காட்டும் Outline View திறந்தபோது குட்டு வெளிப்பட்டது: ஸ்லைடு எண்ணுக்குப் பக்கத்தில் தலைப்பே இல்லாத 26 ஸ்லைடுகளும் அவருடைய கைவண்ணம். ஒவ்வொன்றிலும் தலைப்பை வெட்டி உரிய பெட்டியில் ஒட்டினேன். தோல் ரகங்களின் அட்டவணையோ, புதிய எழுத்துரு பெரிதாக இருந்ததால் வரிசைகள் உயர்ந்து ஸ்லைடுக்குக் கீழே வழிந்தது; எழுத்து நிற்கும் உயரத்துக்குக் கீழே வரிசை சுருங்காது என்பதால், எழுத்தைத்தான் குறைத்தேன். மதியச் சாப்பாடு மாலை வரை டப்பாவிலேயே இருந்தது.