மேனேஜராக இருந்தவர் மறுபடி டெஸ்டர் வேலை கேட்டால்

“சார், உங்க ப்ரொஃபைல் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு. ஆனா இந்த ரோலுக்கு நீங்க ஓவர் குவாலிஃபைடு சார்.”

போன வருடம் 4 மாதத்தில் 11 எச்ஆர்கள் என்னிடம் இதைச் சொன்னார்கள். முதல் இரண்டு தடவை கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஐந்தாவது தடவை கோபம் வந்தது. எட்டாவது தடவைதான், இவர்கள் என் தகுதியைப் பற்றிப் பேசவே இல்லை என்று உறைத்தது.

என் கதை சுருக்கமாக. 18 வருட அனுபவம். சென்னையில் ஒரு நிறுவனத்தில் டெஸ்ட் மேனேஜராக இருந்தேன், எனக்குக் கீழே 40 பேர். சிடிசி 31 லட்சம். ஆட்குறைப்பில் என் பெயரும் வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே குடும்பத்தைக் கோவைக்கு மாற்றியிருந்தேன், வார இறுதியில் இன்டர்சிட்டியில் போய்வந்துகொண்டிருந்தேன். கோவையில் என் அளவு மேனேஜர் வேலை விரல்விட்டு எண்ணும் அளவுதான். சீனியர் ஆட்டோமேஷன் டெஸ்டர் வேலை நிறைய இருந்தது. சரி, இரண்டு படி இறங்குவோம் என்று முடிவு செய்தேன். இறங்குவதற்குக்கூட இவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்று அப்போது தெரியாது.

அந்த வார்த்தையைச் சொல்லும் எச்ஆரின் மனதில் ஓடுவது மூன்றே கேள்விகள். இவர் ஆறு மாதத்தில் வேறு மேனேஜர் வேலை கிடைத்ததும் ஓடிவிடுவாரா? பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டு பிறகு முறுக்கிக்கொள்வாரா? தன்னைவிடப் பத்து வயது சின்ன லீடின் பேச்சைக் கேட்பாரா? கன்சல்டன்சி வழியாகப் போனால் முதல் பயம் இன்னும் கூடும். ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். சேர்ந்தவர் 90 நாளுக்குள் விட்டுப் போனால் இலவசமாக இன்னொருவரைத் தேடித் தர வேண்டும் என்பது வழக்கமான ஒப்பந்தம். அந்தக் கன்சல்டன்சிக்காரரின் இடத்தில் நான் இருந்தாலும் என்னை அனுப்பியிருக்க மாட்டேன்.

இதை உணராமல் நான் செய்த முதல் காரியம், பலரும் செய்வதுதான்: இன்னும் பணிந்து போவது. “எந்த ரோலா இருந்தாலும் ஓகே”, “சாலரி ஒரு பிரச்சினையே இல்லை”, “எனக்கு ஈகோ கிடையாது”. இந்த மூன்று வாக்கியங்களையும் ஒரே போன்காலில் சொல்லியிருக்கிறேன். ‘ஈகோ கிடையாது’ என்று கேட்காமலே ஒருவர் சொன்னால் எதிரில் இருப்பவர் என்ன நினைப்பார் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. இதைவிட மோசம், ஒரே நிறுவனத்தில் டெஸ்டர், டெஸ்ட் லீட், ஸ்க்ரம் மாஸ்டர், பிசினஸ் அனலிஸ்ட் என்று நான்கு வேலைகளுக்கு விண்ணப்பித்தேன். ஒருவர் எந்தெந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்பது அவர்களுடைய மென்பொருளில் பெரும்பாலும் வரிசையாகத் தெரியும். லிங்க்டினில் வேலை தேடுவதாகக் காட்டும் பச்சை வளையம் போட்டால் பரிதாபமாகத் தெரியுமா என்று பலர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் வளையத்தால் ஒன்றும் ஆகாது. நான்கு விண்ணப்பம்தான் மானத்தை வாங்கும்.

அடுத்து எனக்குக் கிடைத்த அறிவுரை: “பத்து வருஷத்தை ரெஸ்யூமேல இருந்து தூக்கிடு, டெசிக்னேஷனைக் குறைச்சுப் போடு.” இதில் பாதி சரி, பாதி ஆபத்து. 2007இல் செய்த பழைய வேலைகளை விவரிக்காமல் ஒரே வரியில் முடிப்பது தவறில்லை. ஆனால் டெசிக்னேஷனை மாற்றக் கூடாது. ஆஃபர் வந்ததும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். யுஏஎன் எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பிஎஃப் பதிவு சொல்லிவிடும். பதவி என்ன என்று பழைய எச்ஆரிடம் கேட்பார்கள், ரிலீவிங் லெட்டரிலும் அது இருக்கும். உயர்ந்த பதவியில் இருந்ததை மறைத்ததற்காக ஆஃபர் பறிபோனால் யாரிடம் போய் அழுவது? பதவி அப்படியே இருக்கட்டும். அதன் கீழே எழுதுவதை மாற்றலாம்.

நான் மாற்றிய ஒரு வரியைக் காட்டுகிறேன். முன்பு இருந்தது: “40 பேர் கொண்ட டெஸ்டிங் குழுவை நிர்வகித்தேன், மூன்று கிளையன்ட்களின் டெலிவரிக்குப் பொறுப்பேற்றேன்.” மேனேஜர் வேலைக்கு நல்ல வரி. டெஸ்டர் வேலைக்கு இது ‘இவர் கையால் எதையும் தொட்டு நாளாச்சு’ என்று கத்துகிறது. மாற்றியது: “1,400 ரிக்ரஷன் டெஸ்ட்கள் ஓட 9 மணி நேரம் ஆனது. நான்கு இணை ஓட்டங்களாகப் பிரித்து இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொண்டுவந்தோம். பிரிக்கும் முறையை வடிவமைத்ததும் முதல் 60 டெஸ்ட்களை மாற்றி எழுதியதும் நான்.” இரண்டுமே உண்மை, ஒரே வருடத்தில் நடந்தவை. ‘கொண்டுவந்தோம்’ என்பதையும் ‘நான்’ என்பதையும் பிரித்து எழுதியதைக் கவனியுங்கள். மேனேஜர் எழுதும் ரெஸ்யூமேயில் எல்லோரும் சந்தேகப்படும் இடம் அதுதான்.

இப்படி எழுத ஏதாவது இருக்க வேண்டுமே என்றால், ஆமாம், இருக்க வேண்டும். கடைசி 3 வருடம் நான் கோட் எழுதியது மிகக் குறைவு. ஆட்டோமேஷன் கருவிகளில் செலினியம் தெரியும், ப்ளேரைட் தெரியாது. இரண்டு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, ஒரு சின்ன ப்ராஜெக்டை கிட்ஹப்பில் போட்டு, அதன் இணைப்பை ரெஸ்யூமேயின் முதல் பாதியில் வைத்தேன். தேதி பார்த்தாலே போன வாரம்கூட எழுதியிருக்கிறேன் என்று தெரியும். நவ்க்ரி தலைப்பு வரியையும் லிங்க்டின் தலைப்பையும் ‘ஆட்டோமேஷன் டெஸ்ட் இன்ஜினியர், கோவை’ என்று ஒன்றாக்கினேன். அதுவரை லிங்க்டினில் ‘டெலிவரி லீடர்’ என்று ஜொலித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் காரணம். ஏன் இறங்கி வருகிறீர்கள் என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், நாமே ஒரு தடவை, இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவது நல்லது. ரெஸ்யூமேயின் முதல் பத்தியிலேயே வைக்கலாம். ஆனால் எந்தக் காரணம்? முதலில் நான் “அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கூட இருக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மைதான். ஆனால் கேட்பவர் காதில் இரண்டு விஷயம் விழும்: அடிக்கடி லீவு கேட்பார், அப்பா தேறியதும் சென்னைக்குத் திரும்பிவிடுவார். சொல்லவே கூசுகிறது, ஆனாலும் கணக்கு அப்படித்தான் போடுவார்கள். மூன்று வருடம் கழித்தும் மாறாத காரணமாக இருக்க வேண்டும். நான் பிறகு சொன்னது: “குடும்பம் ஒரு வருஷமா கோவையில இருக்கு, வீடு இங்க சொந்தமா இருக்கு, பையன் இங்க எட்டாவது படிக்கிறான். 40 பேரை மேய்ச்சதுல எனக்குப் பிடிச்ச வேலை கையை விட்டுப் போச்சு, அதுக்குத் திரும்பி வர்றேன்.” ஆட்குறைப்பைப் பற்றிக் கேட்டால் ஒரு வரியில் ‘ஆமாம், இன்ன மாதத்தில்’ என்று சொல்லி நிறுத்திவிடுவேன். நீட்டி விளக்க ஆரம்பித்தால்தான் குரல் தழுதழுக்கும்.

சம்பளப் பேச்சில்தான் பெரும்பாலும் கவிழ்வார்கள். “எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?” என்றதற்கு 31 என்றால் போன் வைக்கப்படும். “நீங்க பார்த்துக் குடுங்க” என்றால் கேட்பவருக்குப் பயம் வரும். நான் பழகிக்கொண்டது, அந்த வேலைக்கு ஒதுக்கியிருக்கும் வரம்பை முதலில் கேட்பது. ஒரு நிறுவனத்தில் 14 முதல் 18 லட்சம் என்றார்கள். “17 எனக்குச் சரியா இருக்கும்” என்றேன். போனில் பேசிய எச்ஆர் பெண் விடவில்லை. “சார், 31ல இருந்து 17னா எப்படி சார் கட்டுப்படியாகும்?” நியாயமான கேள்வி, அதற்குக் கணக்கு கையில் இருந்தது. அந்த 31இல் நாலரை லட்சம் வேரியபிள், அது முழுசாக வந்த வருடமே இல்லை. கிராஜுவிட்டி, பிஎஃப் பங்கு, இன்சூரன்ஸ் எல்லாம் கழித்தால் ஃபிக்ஸட் சுமார் 25. சென்னையில் என் அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து என்று வருடத்துக்கு 3 லட்சம் போனது, அது இனி இல்லை. வீட்டுக் கடன் போன மார்ச்சில் முடிந்தது. இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் சொன்னேன். தியாகம் செய்வதுபோல் சொல்லாமல், கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னதும் அவர் குரல் மாறியது.

நேர்காணலில் எதிரே இருந்த லீடுக்கு 31, 32 வயது இருக்கும். என் ரெஸ்யூமேயில் அந்த 9 மணி நேரக் கதையைப் பிடித்துக்கொண்டார். “இணையா ஓட்டினா டெஸ்ட் எல்லாம் கன்னாபின்னான்னு ஃபெயில் ஆகுமே?” ஆனதுதான். எல்லா டெஸ்ட்களும் ஒரே டெஸ்ட் லாகினைப் பயன்படுத்தின. ஒன்று ஷாப்பிங் கார்ட்டைக் காலி செய்யும்போது இன்னொன்று அதே கார்ட்டில் பொருள் சேர்த்துக்கொண்டிருந்தது. தனியாக ஓட்டினால் பாஸ், சேர்த்து ஓட்டினால் ஃபெயில். ஓட்டத்துக்கு ஒரு லாகின் என்று பிரித்ததும் நின்றது. இதைப் பலகையில் வரைந்து பேசினோம், 20 நிமிடம் போனதே தெரியவில்லை. ‘என் டீமில் நான் எப்படிச் செய்வேன் என்றால்’ என்று ஒரு தடவைகூட ஆரம்பிக்கவில்லை. அதை வீட்டிலிருந்தே தீர்மானித்துக்கொண்டு போயிருந்தேன். கடைசியில் அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார், “உங்க கோடை நான் ரிவ்யூ பண்ணுவேன், உங்களுக்கு ஓகேவா?” “நீங்க ரிவ்யூல முதல்ல எதைப் பார்ப்பீங்க?” என்று திருப்பிக் கேட்டேன். பதினைந்து நாளில் 16.5க்கு ஆஃபர் வந்தது. நடுவில் ஒரே ஒரு மெயில், அதுவும் ஒரு வாரம் கழித்துத்தான் போட்டேன்.

இதெல்லாம் செய்தும் நடக்காத இடங்கள் உண்டு. பெரிய சர்வீஸ் நிறுவனங்கள் பலவற்றில் அனுபவ வருடத்துக்கு ஒரு கிரேடு, கிரேடுக்கு ஒரு செலவு என்று கட்டிவைத்திருக்கிறார்கள். 5–8 வருட இடத்தில் 18 வருட ஆளை உட்காரவைக்க லீட் ஆசைப்பட்டாலும் முறை விடாது. நவ்க்ரியில் அனுபவ வரம்பு போட்டுத் தேடும்போதே நாம் கண்ணில் படமாட்டோம். அங்கே ரெஸ்யூமேயைத் திருத்தித் திருத்தி அனுப்புவது வீண். எனக்கு வேலை கிடைத்தது 120 பேர் இருக்கும் ஒரு ப்ராடக்ட் நிறுவனத்தில், அதுவும் பழைய சக ஊழியர் ஒருவர் ரெஸ்யூமேயை நேராக அந்த லீடின் கையில் கொடுத்ததால். போனில் எச்ஆர் முதல் கேள்வியாக “டோட்டல் எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு சார்?” என்று கேட்டு, 18 என்றதும் ஒரு நொடி மௌனம் வந்தால், பட்டியலில் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவேன்.