நாக்கைக் கட்டாததால் வருவதில்லை இந்த எரிச்சல்

தங்கையின் வளைகாப்பில் நடந்ததைப் போன பதிவில் எழுதியிருந்தேன். "பெரியவங்க ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று கேட்டு வந்த பதில்களுக்காகத்தான் இது. ஒன்பது மாத வயிற்றோடு பந்தியில் உட்கார்ந்திருந்தவளை, "நாக்கைக் கட்டத் தெரியாதவளுக்கு நெஞ்சு எரியாம என்ன செய்யும்?" என்று ஊர் பார்க்கக் கேட்டார்கள். அவள் இலையில் இருந்தது கொஞ்சம் தயிர்சாதம்.

உணவுக்குழாய் இரைப்பையைத் தொடுகிற இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. நம்ம வாய்க்கால் மதகு மாதிரி, சாப்பாட்டைக் கீழே விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏகமாகச் சுரக்கும். கர்ப்பப்பை நாள் வருவதற்குள் சுருங்கிவிடாமல் தளர்த்தி வைப்பது அதன் வேலை. ஆனால் அது கர்ப்பப்பையோடு நிற்பதில்லை, இந்த வளையத்தையும் தளர்த்திவிடுகிறது. ஒன்பதாம் மாதம் கர்ப்பப்பை விலா எலும்பு வரை ஏறி, இரைப்பையை மேலே நெட்டுகிறது. கீழே அழுத்தம், மேலே இறுக மூடாத வாய். அமிலம் ஏறாமல் என்ன செய்யும்? இதில் நாக்கு எங்கே வந்தது?

"அப்போ காரம் தின்னா எரியாதா?" என்பீர்கள். சிலருக்குக் காரமும் காப்பியும் எண்ணெய்ப் பலகாரமும் அதிகப்படுத்தும், சரி. ஆனால் வளையத்தைத் தளர்த்தியது மிளகாய் இல்லை.

"நெஞ்சு எரிஞ்சா பிள்ளைக்கு முடி நிறைய" என்கிறவர்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் 64 கர்ப்பிணிகளிடம் நடந்து 2006இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில் அப்படி ஒரு தொடர்பு தெரிந்தது உண்மைதான். இரண்டுக்கும் ஹார்மோனே காரணமாக இருக்கலாம் என்று அதைச் செய்தவர்கள் கருதினார்கள். முடி எரிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு அவளை எரியவே விடுவதா?

எனக்கும் இப்படித்தான். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும், கூடத்துத் தூணில் சாய்ந்தே ராத்திரி போகும். ஆப்பச் சோடாவைக் கரைத்துக் கொடுத்தார்கள். அதில் உப்புச்சத்து அதிகம், கர்ப்பிணிக்கு ஆகாது என்று நர்ஸம்மாதான் தடுத்தார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை தாழ்ந்து அமிலம் அங்கேயே தங்கும் என்றார். டாக்டர் தந்த அமிலத்தைத் தணிக்கும் மருந்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றும் சொன்னார்.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்க வேண்டும் என்றும் சொன்னார். எப்படி முடியும்? ஆண்களுக்குப் பரிமாறி, பிள்ளைகளுக்கு ஊட்டி, பாத்திரம் கழுவி, பத்து மணிக்கு மேல் சாப்பிடுகிறவள் உடனே படுக்காமல் என்ன செய்வாள்? அவள் நாக்கைப் பேசுகிற வீட்டில் அவள் சாப்பிடும் நேரத்தை யாராவது பேசினார்களா?

ஒன்று மட்டும் கவனம். விலாவுக்குக் கீழே வலப்பக்கம் விடாத வலி, கூடவே தலைவலி, கண் மங்கல் என்றால் அது இந்த எரிச்சல் இல்லை, ரத்த அழுத்தமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அத்தை, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இன்றைக்கு அவளுக்கு ஏழு மணிக்கே கொஞ்சமாகச் சாதம் போடுங்கள். பாத்திரத்தை வேறு யாராவது கழுவட்டும்.