கையைத் தூக்கச் சொன்னால் யார் தூக்குவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்து வீடியோ இந்நேரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். சாட்ஸ்வொர்த் வாட்ஸப் குழுக்களில் அதுதான் ஓடுகிறது. பெற்றோரைப் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டு, "யார் யார் கஞ்சா ஸோல் இழுக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள்" என்று பிள்ளைகளிடம் மைக்கில் கேட்டார் பெரியவர். ஒரு கைகூட எழவில்லை. "நம் பிள்ளைகள் தங்கம்" என்று கைதட்டல். அப்புறம் நாற்பது நிமிடம் உபதேசம். டர்பனில் இனி ஒரு பிள்ளையும் புகைக்காது, நிம்மதி.

இப்படிக் கேட்டால் உண்மை வராது என்று இரண்டு வரி எழுதினேன். அதற்கு "நர்சம்மா கஞ்சாவுக்கு வக்காலத்து" என்று பதில். சரி, கிளினிக்கில் நாங்கள் எப்படிக் கேட்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருமலுக்கு வந்தான். முதலில் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். "எனக்குத் தெரியாமல் இவனுக்கு என்ன ரகசியம்?" என்று முறைத்துவிட்டுத்தான் போனார். பிறகு பையனிடம், "நீ சொல்வது இந்த அறைக்குள்தான். உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் நான் சும்மா இருக்க முடியாது" என்றேன். இதைக் கேள்விக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அது துரோகம்.

கேள்வி ஒன்றுதான். போன ஒரு வருடத்தில் எத்தனை முறை? சிகரெட், வேப், ஹபிளி என்கிற ஹூக்கா ஒரு தடவை, மது ஒரு தடவை, ஸோல் ஒரு தடவை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பதில் நான்கில் ஒன்று: இல்லவே இல்லை, ஓரிரு முறை, மாதாமாதம், வாராவாரம். "நீ குடிக்கிறாயா?" என்றால் "இல்லை ஆன்ட்டி" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். "எத்தனை முறை?" என்றால் யோசிப்பான். ஓரிரு முறை என்றால் நிறுத்தச் சொல்லி, உடம்புக்கு என்ன செய்யும் என்று இரண்டு வார்த்தை போதும். மாதாமாதம் என்றால் பழக்கம் சிக்கலாகத் தொடங்கியிருக்கலாம், உட்கார்ந்து பேச வேண்டும். வாராவாரம் என்றால் பெரும்பாலும் அது அவனைப் பிடித்துவிட்டது, மேற்கொண்டு பார்க்க அனுப்ப வேண்டும். இது நோய்த்தீர்ப்பு அல்ல, சல்லடைதான்.

அவனுக்கு வேப் வாராவாரம், மது ஓரிரு முறை, ஸோல் இல்லவே இல்லை. "இதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?" என்று அனுமதி கேட்டேன். விடவேண்டும் என்ற எண்ணம் பத்துக்கு எத்தனை என்றதற்கு "நான்கு" என்றான். ஏன் பத்து இல்லை என்று கேட்டிருந்தால் வேப்புக்கு வக்கீலாகியிருப்பான். ஏன் இரண்டு இல்லை என்று கேட்டேன். "கால்பந்தில் இரண்டாவது பாதி ஓட முடியவில்லை" என்றான். அந்த ஒரு வரியை நான் ஒரு மணி நேரம் கத்தியிருந்தாலும் அவன் வாயிலிருந்து வாங்கியிருக்க முடியாது. வேறு இடத்துக்கு அனுப்பவும் அவனே ஒத்துக்கொண்டான்.

எனக்கு எப்படித் தெரியும்? கத்திப் பார்த்தவள் நான். என் மகன் பையில் மாம்பழ வாசனையோடு வேப் கிடைத்த அன்று, கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்தில் பட்ட பாடு வரைக்கும் இழுத்துத் திட்டினேன். "சாரிம்மா" என்றான். இரண்டு வருடம் "இல்லம்மா" தவிர வேறு பதில் இல்லை. கடைசியில் பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் கிடைத்தது. நான் தேடாத இடம் அது ஒன்றுதான்.

"கண்டிக்காவிட்டால் கெட்டுப்போவார்கள்" என்கிறீர்கள். வீட்டில் விதி வையுங்கள், யார் வேண்டாம் என்றது? கேட்கும் நேரமும் கண்டிக்கும் நேரமும் ஒன்றாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். "சிறுநீர்ச் சோதனை வைத்தால் தீர்ந்தது" என்று ஒருவர். சனிக்கிழமை குடித்த பீர் திங்களன்று சாதாரணச் சோதனையில் தெரியாது. அந்தக் கிட்டில் பெரும்பாலும் நிக்கோட்டின் பார்ப்பதே இல்லை. தினமும் புகைத்தவனுக்கு, விட்ட பிறகும் வாரக்கணக்கில் கஞ்சா காட்டும். விட்டுவிட்ட பிள்ளையை மாட்டிவைக்க நல்ல வழி. "2018 தீர்ப்புக்குப் பின் கஞ்சாவைச் சட்டமே அனுமதித்துவிட்டதே" என்று இன்னொருவர். அது வயதுவந்தவர்களுக்கு, தனி இடத்தில். பதினாறுக்கு இல்லை.

"உன் மகனையே உன்னால் திருத்த முடியவில்லை, எங்களுக்குப் புத்தி சொல்கிறாயா" என்ற பதிலை மூன்று தடவை படித்தேன். எழுதியவர் என் வீட்டில் தோசை சாப்பிட்டவர்.

அண்ணா, ஒன்று சொல்லிவிடுகிறேன். எதையும் தொடாத பிள்ளையிடமும் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: குடித்தவரோ போதையில் இருந்தவரோ ஓட்டிய காரில் போயிருக்கிறாயா? மூன்றுக்கும் "இல்லவே இல்லை" என்ற ஒரு சின்னப் பெண் இதற்கு மட்டும் தலையாட்டினாள். நம் கல்யாணங்களில் மண்டபத்துக்குள் சைவச் சாப்பாடு, வெளியே கார் டிக்கி திறந்து பாட்டில். பிறகு எல்லோரையும் வீட்டில் இறக்கிவிடுவது யார்?

"மாமா கார்தான் ஆன்ட்டி, எப்பவும்" என்றாள்.