கட்டு மாற்றுகிறவரின் கைக்காக எழுதுங்கள்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டைத் தமிழாக்கித் தரச் சொல்லி உறவினர்கள் என்னிடம் வருவதுண்டு. வரிக்கு வரி தமிழாக்கினால் அந்தச் சீட்டால் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. ஊட்டிக்குப் பக்கத்தில் கேரட் தோட்ட வேலைக்குப் போகும் என் சித்திக்காக எழுதியதை வைத்தே சொல்கிறேன்.

சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோய். உள்ளங்காலில் புண். ஆங்கிலச் சீட்டில் நாலைந்து வரிதான்: சலைனால் கழுவவும், ஈரமான காஸ் துணி வைக்கவும், கட்டை ஈரமாக்க வேண்டாம், தினமும் மாற்றவும், சிவந்தால் உடனே வரவும். எல்லாம் சரியானவை. ஆனால் ஈரமாக வை என்பதும் ஈரமாக்காதே என்பதும் அடுத்தடுத்து வந்தால், வீட்டில் தனியாகக் கட்டு மாற்றுகிறவர் எதைச் செய்வார்?

சிஸ்டரிடமே கேட்டேன். புண்ணில் படும் காஸ் மட்டும் ஈரமாக இருக்கவேண்டும். காய்ந்தால் புதிதாக வளரும் சதையில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது அதையும் பிய்த்துக்கொண்டு வரும். ஈரம் சுற்றியுள்ள நல்ல தோலுக்குப் பரவினால் தோல் ஊறி வெளுத்துப் புண் அகலமாகும். அதனால் இப்படி எழுதினேன்: "காஸைச் சலைனில் நனைத்து, சொட்டாதபடி பிழியுங்கள். புண்ணின் அளவுக்கு மட்டும் மடித்து வையுங்கள். அதன் மேல் காய்ந்த காஸ். அதற்கு மேல் கட்டு. மேல்கட்டு நனைந்துவிட்டால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், உடனே மாற்றுங்கள்."

வரிசையும் முக்கியம். சீட்டு சலைனில் தொடங்கியது. வேலையோ கை கழுவுவதில் தொடங்குகிறது. சோப்பால் கை கழுவி, பழைய கட்டை அவிழ்த்து, ஒட்டியிருந்தால் சலைன் ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டு எடுத்து, அதைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, மறுபடியும் கை கழுவவேண்டும். இந்த இரண்டாவது கழுவலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழைய கட்டின் கிருமி அதே கையோடு புதுக் காஸுக்குப் போய்விடும். சித்தியைச் சிஸ்டர் முன்னால் ஒருமுறை செய்துகாட்டச் சொன்னபோது அவரும் அதை விட்டுவிட்டார். அந்த வரியைத் தனியாகப் பெரிய எழுத்தில் எழுதினேன். பஞ்சை நேராகப் புண்ணில் வைக்கக்கூடாது, அதன் இழை உள்ளே தங்கிவிடும் என்பதையும் சேர்த்தேன். மஞ்சள், காபித்தூள், டெட்டால் எதுவும் வேண்டாம் என்று பெயர் சொல்லியே எழுதினேன். "வேறெதுவும் போடக்கூடாது" என்றால் மஞ்சளை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

சீட்டில் இல்லாத சில, மலையில் கட்டாயம் தேவை. சலைன் தீர்ந்துவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கழுவலாம் என்றார் சிஸ்டர். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2,000 மீட்டருக்கு மேல் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகும் மூன்று நிமிடம் அடுப்பிலேயே விடவேண்டும் என்பதால் அதையும் எழுதினேன். குளிரில் சில்லென்றிருக்கும் சலைனை அப்படியே ஊற்றினால் புண் குளிர்ந்து ஆறுவது தாமதப்படும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் போதும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கணப்பு அடுப்பைப் பற்றித்தான். சர்க்கரையால் உணர்ச்சி போன கால் சுட்டாலும் தெரியாது. "காலைக் கணப்பின் பக்கம் நீட்ட விடாதீர்கள், வெந்நீர்ப் பையும் வைக்காதீர்கள்" என்பதைச் சிஸ்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்கியே எழுதினேன். நாமாக ஒரு வரியும் சேர்க்கக்கூடாது.

சிவந்தால் வரவும் என்பது இன்னொரு சிக்கல். கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. கருமை கூடும், தோல் பளபளக்கும், வீங்கும். அதனால், "புண்ணைச் சுற்றிப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், மற்றக் காலைவிடச் சூடாக இருக்கிறதா? கருத்த விளிம்பைப் பேனாவால் வரைந்து வையுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் கிளம்புங்கள்" என்று எழுதினேன். கெட்ட வாடை, பச்சையாகச் சீழ், விரல் கறுப்பது, காய்ச்சல், குளிர் நடுக்கம், மாத்திரை சரியாகச் சாப்பிட்டும் சர்க்கரை ஏறுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போதும்.

"உடனே" என்பதற்கும் பொருள் சொல்லவேண்டும். கடைசி பஸ் போய்விட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இங்கே வழக்கம். காய்ச்சலோடு நடுக்கம் வந்தாலோ, கறுப்பு பரவினாலோ, இரவானாலும் 108ஐ அழையுங்கள் என்று எழுதி, வார்டின் தொலைபேசி எண்ணையும் சீட்டின் தலைப்பிலேயே போட்டேன்.